துணிக்காசு கழித்த தவணை

இஸ்திரிக்கார அக்கா ஏலத்தில் சீட்டு எடுத்த அன்றே, இஸ்திரி போட வாடகைக்குப் பேசியிருந்த கடையின் அட்வான்ஸைக் கட்டிவிட்டதாக மனசுக்குள் கணக்கு முடித்துவிட்டாள். கடைச் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பார். ஆனால் சீட்டுக் கம்பெனியில் காசு தருவதற்குப் பதிலாக நாற்காலி தந்தார்கள். நாற்காலி தந்தாலே விவகாரம் பெரிதென்று அர்த்தம்.

"ரெண்டு தவணை பாக்கி இருக்கும்மா. அதைக் கட்டினாத்தான் சீட்டுப் பணம்" என்றார் மேனேஜர்.

"கட்டிட்டேனே சார்! உங்க ஏஜென்ட்டுக்குத்தான் போன்ல அனுப்பினேன்."

ஏஜென்ட் வேலையை விட்டுப் போய் பத்து நாள். அவனுடைய போனும் அவனைப் போலவே அகப்படவில்லை.

மேனேஜர் அவள் போனை வாங்கிப் பார்த்தார். "இது அவன் சொந்தக் கணக்கு. தொகையும் பொருந்தலையே. தவணை ஐயாயிரம். இதுல நாலாயிரத்து எழுநூறு, நாலாயிரத்து எண்ணூத்துப் பத்து. கைமாத்து கொடுத்தீங்களோ என்னவோ?"

ஏஜென்ட்டின் சட்டை பேன்ட்டையெல்லாம் அவள்தான் தேய்ப்பாள். துணிக்காசைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவாள். அவன் தன் கையிலிருந்து சேர்த்துக் கட்டி ரசீது தருவான். கடைசி இரண்டுக்கும் "நாளைக்கு, நாளைக்கு" என்றான். மடிப்புக் கலையாத சட்டையில் வந்து சொன்னதால் நம்பிவிட்டாள்.

துணைக்கு வந்த தங்கச்சி போனைப் பிடுங்கி, பழைய கணக்கு தெரியத் திரையைத் தள்ளினாள். "அக்கா, ரசீது எல்லாம் எடு. சார், இந்த ரெண்டுக்கும் முந்தின மாசம் நாலாயிரத்து அறுநூறு, அதுக்கு முன்னாடி நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதே கணக்குக்குத்தான் போயிருக்கு. ரெண்டுக்கும் முழுத் தவணைன்னு உங்க ரசீது இருக்கு. அப்ப மட்டும் அது கைமாத்து இல்லையா?"

மேனேஜர் ரசீதையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"நியாயம்தான். எழுதிக் கொடுங்க, விசாரிக்கிறோம். இல்லேன்னா அரசாங்கச் சீட்டுப் பதிவாளர்கிட்ட போகலாம். எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்கு?"

"இப்பவே பத்தாயிரம் கட்டி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. சீட்டுப் பணம் நாளைக்கே கைக்கு வரும்."

தாளில் இருந்ததைத் தங்கச்சி வாசித்தாள்: மேற்படி இரண்டு தவணைகளும் இதற்குமுன் செலுத்தப்படவில்லை என ஒப்புக்கொள்கிறேன்.

"இந்த வரிய அடிச்சிட்டு, 'ஆட்சேபத்தோட கட்டுறேன்'னு எழுதுறோமே?"

"அப்படி வாங்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அக்கா பேனாவை எடுத்தாள். பத்தாயிரத்தைக்கூட எங்காவது புரட்டிவிடலாம். கட்டியதைக் கட்டவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு கேட்பது? பேனாவை மூடினாள். புகார் எழுதி, ரசீது நகல்களையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இணைத்து, தன் பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை விழும்வரை மேசையை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் கடைச் சொந்தக்காரரின் போன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை பணம் வராது" என்றாள். கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னதும் போனை வைத்தாள். பிறகு தங்கச்சியிடம் கேட்டாள்: "உன் வீட்டு வாசல்ல இஸ்திரி மேசை போட இடம் இருக்காடி?"