இருபது பக்கத்தில் ஒரு லாரி

போட்டி அறிவிப்பில் குறும்படம் பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக் கணக்கு. என்னுடையது இருபது பக்கம். துறைமுகத்தில் சரக்கு அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்குள்ள கம்ப்யூட்டரிலேயே எழுத்தைச் சின்னதாக்கி, ஓரங்களைக் குறைத்து, பன்னிரண்டு பக்கமாக்கினேன். அதைத் தோழியிடம் காட்டினேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறாள்.

"ஏலே, எழுத்தைச் சுருக்குனா படம் சுருங்குமா?" என்று சிரித்தாள். "மொதல்ல கதைய ஒரே வரியில சொல்லு."

மகளைப் பெண் பார்க்க விளாத்திகுளத்து வீட்டுக்கு ஆள் வருகிற நாளில், துறைமுக வாசலில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர், வண்டியை விட்டுப் போவதா, இருப்பதா என்று தவிக்கிறார். கடைசியில் கேபினில் உட்கார்ந்தபடியே வீடியோ காலில் கலந்துகொள்கிறார். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நாலு தடவை ஆனது.

"அந்த போன் காட்சி மூணு பக்கத்தையும் தொடாத. மத்த ஒவ்வொரு காட்சியிலயும் என்ன மாறுதுன்னு ஓரத்துல எழுது. ஒண்ணும் மாறலைன்னா தூக்கிரு."

எழுதினேன். பல ஓரங்கள் காலியாகவே கிடந்தன. ஓட்டுநரின் பழைய நினைவுக் காட்சி முதலில் போனது. அவர் புலம்பலைக் கேட்க கிளீனர், காவலாளி, டீக்கடை அக்கா என்று மூன்று பேரை வைத்திருந்தேன். மூவரும் ஒன்றையே கேட்டார்கள். டீக்கடை அக்காவை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு உரையாடலிலும் வணக்கத்தையும் வழியனுப்புதலையும் வெட்டி, பேச்சின் நடுவில் நுழைந்து, முடியுமுன்னே வெளியேறினேன்.

வீட்டில் நடக்கும் முதல் நாலு பக்கத்தில்தான் எனக்கும் தோழிக்கும் சண்டை வந்தது. காலையில் மனைவியோடு அவர் வாக்குவாதம் செய்து கிளம்புகிற காட்சி. அந்த வசனங்களுக்காக ஒரு வாரம் உழைத்திருந்தேன்.

"இத எடுத்தா கதையே போயிரும்ளா!"

"எடுத்துட்டுப் பாரு. போனா திருப்பி வை."

முறைத்துக்கொண்டே எடுத்தேன். படம் இப்போது நேரே லாரி வரிசையில் தொடங்கியது. கேபினில் தேய்த்த சட்டை ஒன்று தொங்குகிறது. மனைவியின் அழைப்பு வருகிறது, அவர் துண்டிக்கிறார். மறுபடி வருகிறது, மறுபடி துண்டிக்கிறார். நாலு பக்கம், மூன்று வரியானது.

எழுத்தைப் பழைய அளவுக்கே பெரிதாக்கியும் மொத்தம் பத்தே பக்கம். நடிக்கச் சம்மதித்திருந்த நிஜ லாரி ஓட்டுநர் அண்ணாச்சிக்கு, துறைமுகச் சாலையோரம் நின்று வாசித்துக் காட்டினேன். எத்தனை நிமிடம் ஆகிறது என்று தோழி போனில் கணக்குப் பார்த்தாள். அண்ணாச்சி கைகட்டிக் கேட்டார். முடிந்ததும், "காலைல பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுட்டுல்லா வந்திருக்கான், பாவி?" என்றார்.

நான் தோழியைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள் என்று தெரியும்.

"ஆமா அண்ணாச்சி."

"எங்க வீட்லயும் இதே கததான். சட்டைய மட்டும் நானே தேச்சுக் கொண்டாரேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்புக்கு, சொன்னபடி நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என இரண்டு சட்டைகளோடு வந்து நின்றார். எதைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்யவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது.