குழாய்க்காரர் அனுப்பிய மெயில்

குழாய் விற்கிறவரை எல்லாரும் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குளியலறைக் குழாய், ஷவர், வால்வு என்று கடை கடையாக ஏறி இறங்கியே நாற்பதைத் தாண்டிவிட்டார். இப்போது கம்பெனி ஆர்டர்களை ஆப்பில் எடுக்க ஆரம்பித்துவிட்டது. இனி கடைக்கு ஆள் எதற்கு என்று மேலே பேச்சு அடிபடுகிறது.

அந்தப் பயத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது மச்சினன். மனைவியின் தம்பி. இவர்தான் அவனைக் கம்பெனியில் சேர்த்து, பைக்கில் பின்னால் உட்காரவைத்து, கடைக்காரரிடம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயல் வேறொரு கம்பெனிக்குத் தாவி, விற்பனைக் கணக்குகளை அலசும் டேட்டா அனலிஸ்ட் ஆகி, ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டான். "என் தம்பி வெயிலையே பாக்கறதில்ல" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லும்போதெல்லாம் இவருக்கு வயிறு பற்றி எரியும். சொந்த மச்சினன் நன்றாக இருக்கிறானே என்று ஒரு நாளாவது சந்தோஷப்பட்டாரா? இல்லவே இல்லை.

எரிச்சலிலேயே படித்தார். எக்செல், எஸ்க்யூஎல், கணக்கையெல்லாம் ஒரே திரையில் படமாகக் காட்டும் டாஷ்போர்டு எல்லாம் கற்றுக்கொண்டார். பிறகு டேட்டா வேலைகளுக்கு ஆள் எடுத்துத் தரும் ஓர் அம்மாவின் மெயில் முகவரியைத் தேடிப் பிடித்தார். முன்பின் தெரியாதவருக்கு மெயில் போடுவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முன்பின் தெரியாத கடைக்குள் நுழைவதுதானே பிழைப்பு!

மெயிலும் அருமையாகத்தான் வந்தது. சுயபுராணம் கிடையாது. 'விற்பனையிலிருந்து டேட்டாவுக்கு வருகிறேன். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகக் கடைகளில் தள்ளிவிடும் சரக்கு, அடுத்த மாதத் தொடக்கத்திலேயே திரும்பி வருகிறது. எந்தக் கடைகளில், எவ்வளவு என்பதை இந்த டாஷ்போர்டில் காட்டியிருக்கிறேன். நீங்கள் ஆள் தேடும் சில்லறை விற்பனை அனலிஸ்ட் வேலை பற்றி என்னோடு பத்து நிமிடம் பேச முடியுமா?' கீழே இணைப்பு. அவ்வளவுதான்.

அனுப்புமுன் மச்சினனிடம் காட்டினார். கருத்துக் கேட்கவா? அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க!

சுருங்கத்தான் செய்தது. "மாமா, இது உங்க கம்பெனி டேட்டாதானே? கடை பேரெல்லாம் அப்படியே தெரியுது. லிங்க் வச்சிருக்கறவங்க யார் வேணாலும் பாக்கலாம். இதை வெளிய விடாதீங்க. கற்பனையா டேட்டா உருவாக்கி, அதுல இதே வேலையைச் செஞ்சு காட்டுங்க."

"நிஜ சரக்கைக் காட்டினாத்தான்டா வியாபாரம். பொம்மை டேட்டாவை எவன் மதிப்பான்?"

"அனுப்பாதீங்க மாமா. சொல்லிட்டேன்."

'பார்றா, பயலுக்குப் பொறாமை' என்று நினைத்தார். அவனைப் பிடிக்கவில்லை, அவன் சொன்னதும் மண்டையில் ஏறவில்லை. அவன் படி இறங்குவதற்குள் மெயிலைத் தட்டிவிட்டார்.

மறுநாள் ஒரு கடை வாசலில் பைக்கை நிறுத்தும்போது பதில் வந்தது. 'உங்கள் கண்டுபிடிப்பு மிக நன்றாக இருக்கிறது. களத்தில் நின்றவருக்குத்தான் இது தெரியும். ஆனால் உங்கள் நிறுவனத்தின் டேட்டாவை எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். நாளை தங்களுடையதை யாருக்குக் காட்டுவார் என்று, ஆள் கேட்கும் கம்பெனி என்னைக் கேட்கும். இந்த வேலைக்கு உங்களை அனுப்ப முடியாது. இணைப்பை உடனே மூடுங்கள். கற்பனை டேட்டாவில் இதைச் செய்தால் மறுபடி எழுதுங்கள்.'

கடைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று இணைப்பை மூடினார். கைக்கு எட்டியதைத் தானே தட்டிவிட்டார். அதைவிடப் பெரிய கொடுமை, அந்த அம்மா மச்சினன் சொன்னதையே சொன்னதுதான்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். "பதில் வந்துச்சா மாமா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்து நின்றாள். பொய் நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கினார்.

"வந்துச்சு. நீ சொன்னதைத்தான் சொல்லிருக்காங்க. அந்த வேலை கிடைக்காது."

அவன் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த மாசக் கடைசி விஷயம் இருக்கே மாமா, அது எனக்குத் தோணவே இல்ல. உங்க பின்னாடியே ரெண்டு வருஷம் சுத்தினேன், என் கையாலயே சரக்கைத் தள்ளிருக்கேன், டேட்டாவும் படிச்சேன். ஆனா கண்டுபிடிச்சது நீங்க. உண்மையச் சொல்லணும்னா, நேத்து பாத்ததும் வயிறு எரிஞ்சுது. ராத்திரி பூரா தூக்கமில்ல."

"நிஜமாவாடா?"

"சத்தியமா மாமா."

குழாய்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்த வேலை கை நழுவிய துக்கத்தில் இருக்க வேண்டிய மனிதர், வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார்.

"என்னங்க, தானா சிரிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. உன் தம்பிக்குச் சாப்பாடு போடு. நல்லா சாப்பிடட்டும், பாவம்" என்றவர், லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். "மாப்ளே, கற்பனைக் கடைக்கெல்லாம் எப்படிடா டேட்டா உருவாக்கறது? சொல்லிக்குடு."