அம்சாவுக்கு வந்த FF

கோலியனூர் அம்சாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். அவள் அப்பா வெங்கடாசலம் ஊரார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கித்தான் அவளைப் படிக்க வைத்தார். விழுப்புரம் வந்து பஸ் மாறி, திண்டிவனத்தில் எங்கள் பாலிடெக்னிக்குக்கு வருவாள். முதல் முயற்சியிலேயே எல்லாம் தேறினால் அவளுக்கும் எனக்கும் ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை உறுதி. அவளுக்கு மிச்சமிருந்தது 1988 ஏப்ரலில் மைக்ரோபிராசஸர் செய்முறைத் தேர்வு மட்டும்தான்.

பக்கத்துப் பக்கத்தில் இருந்த எங்கள் இருவருக்கும் ஒரே கேள்வி. 8086 சிப் வைத்த பயிற்சிப் பலகையான கிட்டில், நினைவகத்தின் 2000-ஆம் இடத்தில் தொடங்கும் பத்து பைட்டை 2001-இல் தொடங்கி நகலெடுக்க வேண்டும். பிறகு, வித்தியாசம் கண்டதும் நின்றுவிடும் REPE CMPSB கட்டளையைப் போட்டு, இரண்டு பிளாக்கையும் பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். ஒன்றாக இருந்தால் 2050-இல் 00, இல்லையென்றால் FF.

நான் முன்னோக்கிப் போகச் சொல்லும் CLD போட்டு, எண்ணிக்கைக்கான CX-இல் பத்தை வைத்து, நகலெடுக்கும் REP MOVSB-யை ஓட்டினேன். முதல் பைட்டான 41, அடுத்த இடத்திலிருந்த 42-இன் மேல் விழுந்தது. அந்த 41-தான் அதற்கடுத்த இடத்துக்கும் போனது. கடைசியில் பதினொரு இடத்திலும் 41. சரக்கு மொத்தமும் நாசம். ஆனால் எல்லாம் ஒரே எண் ஆனதால் ஒப்பிட்டபோது வித்தியாசமே தெரியவில்லை. எனக்கு 00.

அம்சா புத்திசாலி. பின்னோக்கிப் போகச் சொல்லும் STD போட்டு, எடுக்கும் இடத்தைக் காட்டும் SI-யை 2009-இலும், போடும் இடத்தைக் காட்டும் DI-யை அதற்கடுத்த 200A-யிலும் வைத்துக் கடைசியிலிருந்து நகலெடுத்தாள். பத்து பைட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு CLD போட்டு முதலிலிருந்து ஒப்பிட்டாள். பழைய பிளாக்தான் மாறிவிட்டதே, REPE CMPSB இரண்டாவது பைட்டிலேயே நின்றது. அவளுக்கு FF.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அரங்கநாதன், ஒவ்வொரு கிட்டிலும் 2050-ஐ மட்டும் திறந்து பார்க்கிற மனிதர்.

“ரெண்டு பிளாக்கும் ஒன்னு மேல ஒன்னு கிடக்குதுங்க சார். பழசு மாறிப்போச்சி, அத்தோட ஒப்பிட்டா FFதான் வரும். 2001லேர்ந்து பாருங்க சார், எல்லாம் சரியா கீது” என்றாள் அம்சா.

அவர் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “துரைக்கண்ணு, உனக்கு 00 வந்திருக்கு. இந்தப் பொண்ணு சொல்றது சரியா?”

“தெரியலைங்க சார்.”

தெரியும். என் கிட்டில் வரிசையாக 41 வந்தபோதே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் என் 00 போய்விடும், ஓசூரும் போய்விடும். கோழைப் பயல் நான்.

அம்சா பெயிலானாள். ஆறு மாதம் கழித்து எழுதித் தேறினாள், ஆனால் ஓசூர் கதவு அதற்குள் மூடிவிட்டது. விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

அடுத்த பொங்கல் லீவில் ஓசூரிலிருந்து வந்தபோது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மனசு பொறுக்கவில்லை.

“அன்னிக்கு எனக்குத் தெரியும் அம்சா. நான் போட்டதுதான் தப்பு.”

“எனக்கும் தெரியும். உன் டிஸ்பிளேல 41, 41னு போய்க்கினே இருந்துச்சே.”

“அப்ப ஏன் சார்கிட்ட சொல்லல? என் கிட்டைக் காட்டியிருந்தா நீ பாஸ்.”

“நீ சொல்லுவன்னு நெனச்சேன்” என்றாள்.

கோலியனூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.