நெய்மீன் படத்துக்கு நான் கேட்ட கேள்விகள்

கரமனையில் நான் வேலை பார்ப்பது ஒரு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை. கல்யாண போர்டு, கட்சி போர்டு, அஞ்சலி போர்டு எல்லாம் அடிப்போம். கூடவே, சின்னக் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போஸ்ட் போட்டுக் கொடுப்போம். அந்த போஸ்ட்டுக்குக் கீழே வரும் நாலு வரியை மலையாளத்திலும் தமிழிலும் எழுதுகிறவள் நான். எட்டாம் கிளாஸோடு படிப்பை விட்டவளுக்கு இதுவே பெரிய உத்தியோகம். அதற்கு முன்னால் மூன்று வருஷம் இதே கடையில் லாமினேஷன் மெஷினில் நின்றேன். வலது கை விரல் இரண்டில் அதன் ஞாபகார்த்தம் சூட்டுத் தழும்பாக இன்னும் இருக்கிறது.

எங்கள் கஸ்டமர்கள் மகாபுத்திசாலிகள். ஒரு படம் அனுப்புவார்கள். அதோடு ஒரு கும்பிடு பொம்மை. அவ்வளவுதான். விலை என்ன, கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் படத்தைப் பார்த்தாலே எனக்குத் தோன்றிவிடுமாம். நான் என்ன ஜோசியக்காரியா?

ஆரம்பத்தில் நானும் கேட்காமல்தான் எழுதினேன். கேட்டால் கோபப்படுவார்களோ என்று பயம். ஒரு பேக்கரி கேக் படம் வந்தது. எல்லாக் கடையும் ஒன்பது மணிக்குத் திறக்கும்தானே என்று நானாகவே ஒன்பது என்று போட்டேன். நம்பரை மட்டும் முந்தைய போஸ்ட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டேன். அது ஒரு தையல்காரருடைய நம்பர். நாலு நாள் அந்த மனுஷனைக் கூப்பிட்டு பிளாக் ஃபாரஸ்ட் கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் கத்திரிக்கோலும் கையுமாகவே கடைக்கு வந்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்காமல் ஒரு எழுத்து தட்டுவதில்லை. பதில் வந்த பிறகும் அந்த நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன்.

இது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கடையில் எல்லோரும் அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு கஸ்டமர்கள் என்னைப் பற்றி அவரிடம் புகார் சொல்லியிருந்தார்கள்.

"நீ எழுதுவது கேப்ஷனோ, போலீஸ் எஃப்ஐஆரோ?" என்றார் சேட்டன். "இனி ஒரு ஆள் கூட கம்ப்ளெயின்ட் பறஞ்சா, நீ லாமினேஷனுக்கு. கேட்டோ?"

கேட்டது. விரலுக்கும் கேட்டது.

அந்த வாரத்திலேயே ஒரு காலை விழிஞ்ஞத்திலிருந்து படம் வந்தது. நீல டப்பில் முழு நெய்மீன் ஒன்று, வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. கீழே வழக்கம்போல கும்பிடு பொம்மை. புது கஸ்டமருடைய படம். கொளச்சல் பக்கத்திலிருந்து விழிஞ்ஞத்துக்குக் கல்யாணமாகிப் போன ஒரு அக்கா. புருஷன் கடலுக்குப் போகிறவர். கரமனை ஃப்ளாட்டுகளுக்கு மீன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் யோசனையோடு முந்தின நாள் கடைக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

"பத்து மணிக்குள்ள போட்டாகணும்," என்றார் சேட்டன். "மீனாக்கும். சேலை இல்ல, நாளைக்கு விக்க."

படம் வந்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இன்னொரு நம்பர் மேஜை மேல் ஒட்டியிருந்தது. அதற்கு அடித்ததும் அக்கா எடுத்தார்.

"எக்கா, போட்டோ கிடைச்சுது. விலை என்ன போடட்டும்?"

"மீனு தெரியலியா மக்ளே? நெய்மீனுக்கு என்ன வெல உண்டோ அதப் போடு."

"இன்னைக்கு என்ன விலைன்னு நீங்கதான சொல்லணும்."

"கிலோ தொள்ளாயிரம்."

அதோடு போனை வைத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் என் மனசு சும்மா இருக்குமா? "முழு மீன் எடைக்கா, வெட்டிக் கழுவின துண்டோட எடைக்கா?"

கடற்கரையில் இப்படி யாரும் கேட்பதில்லையாம். அங்கே மீன் என்றால் தலை முதல் வால் வரை மீன். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் தலையைப் பார்த்தாலே பயப்படுகிற ஜாதி. துண்டாக ஒரு கிலோ வேண்டும் என்பார்கள்.

"வெட்டினா நாலுல ஒரு பங்கு போயிருமே," என்றார் மெதுவாக.

"அதான் கேட்டேன். துண்டுக்கும் அதே தொள்ளாயிரம்னா உங்களுக்குத்தான் நட்டம்."

"முழு மீனுக்குன்னு போடு. வெட்டித் தருவோம், எடை வெட்டுறதுக்கு முன்னாலன்னு எழுது."

"எத்தனை மணி வரைக்கும் ஆர்டர் எடுப்பீங்க?"

"படகு வந்தா மீனு. மீனு தீர்ந்தா இல்ல."

"அத மணிக் கணக்குல சொல்லுங்கக்கா."

"பதினோரு மணி வர ஆர்டர். ஒரு மணிக்குள்ள வீட்டுல கொடுப்போம். போதுமா?"

"யார் நம்பரப் போடட்டும்? படம் வந்த நம்பர் எடுக்கவே மாட்டேங்குது."

"அது அவரு நம்பரு. மீன எறக்கி, படமும் அனுப்பிட்டு அவரு மறுபடி கடலுக்குப் போயாச்சு, சிக்னலு எங்க கிடைக்கும்? என் நம்பரப் போடு. ஏ அம்மா, பொண்ணு பாக்க வந்தவங்க கூட என்னட்ட இத்தன கேக்கல!"

எல்லாவற்றையும் எழுதி, அவருக்கே அனுப்பிச் சரியா என்று கேட்டுவிட்டுப் போட்டபோது ஒன்பது ஐம்பது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அக்கா சேட்டனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"அண்ணாச்சி, ஒரு மீனுக்கு இத்தன விசாரணையா? நான் என்ன மீனத் திருடிட்டா வந்தேன்?"

சேட்டன் என்னைப் பார்த்தார். விரலை நீட்டினார். விரல் போன திசையில் லாமினேஷன் மெஷின் இருந்தது.

மறுநாள் காலை நான் ஒரு ரேஷன் கார்டை பிளாஸ்டிக்குக்குள் வேகவைத்துக்கொண்டிருந்தபோது சூரை மீன் படம் வந்தது. சேட்டனே உட்கார்ந்தார். ஒரு கேள்வி கிடையாது. ரெண்டே நிமிஷம். 'கடலம்மாவின் பொக்கிஷம் உங்கள் அடுக்களையில்! உடனே அழையுங்கள்!' என்று தட்டினார். என்னிடம் படித்தும் காட்டினார். படம் வந்த நம்பரையே எடுத்து ஒட்டினார்.

"சேட்டா, அது புருஷன் நம்பர். நேத்து போஸ்ட்ல..."

"நீ அங்க நோக்கு. கை பொள்ளும்."

நோக்கினேன், கை சுட்டது. பிறகு என் போனை நோக்கினேன். போஸ்ட்டுக்குக் கீழே 'விலை?' என்று வந்தது. பிறகு 'ரேட்?' பிறகு 'எத்தனை மணிக்கு டெலிவரி?' பிறகு 'போன் எடுக்கல.' நான் ஒருத்தி போனில் கேட்டால் விசாரணை. அதையே ஊர் கூடிக் கேட்டால் சேட்டன் அதற்கு 'நல்ல ரெஸ்பான்ஸ்' என்று பெயர் வைத்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு ஸ்கூட்டர் கடை வாசலில் வந்து நின்றது. அக்கா ஐஸ் பெட்டியோடு இறங்கினார். பெட்டியைத் தூக்கி கவுன்டர் மேலேயே வைத்தார். அடுத்த நாள் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை டிசைன் மேல் மீன் தண்ணீர் இறங்கியது.

"காலையில இருந்து ஒத்த போன் வரல. நேத்து எட்டு வீடு வாங்குச்சு. இன்னைக்கு இந்தச் சூரைய நான் என்ன செய்ய, உங்க கடையில ஃப்ரேம் போட்டு மாட்டவா?" என்றார். சேட்டன் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்னால், "நேத்து என்னக் கொன்னு கேள்வி கேட்டாளே, அந்தப் பிள்ள எங்க?"

சேட்டனின் விரல் மறுபடி நீண்டது. இந்தத் தடவை மெஷினிலிருந்து நாற்காலிக்கு. நான் விரலை ஊதிக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அக்கா ஒப்பித்தார். "சூரை. கிலோ முந்நூறு. முழு மீன் எடை. சாயங்காலம் நாலு மணி வர ஆர்டர், ஏழுக்குள்ள வீட்டுல. என் நம்பரு. இனி கேக்க ஒண்ணும் இல்லல்ல?"

"ஞாயித்துக்கிழமை?" என்றேன்.

"ஐயோ மாதாவே!" என்று தலையில் கை வைத்தார். "ஞாயித்துக்கிழம கடலுக்குப் போவ மாட்டோம். லீவு."

அதையும் எழுதினேன். பிறகு அவர் எதிரிலேயே அந்த நம்பருக்கு அடித்தேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த அவர் பையிலிருந்து போன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"நாந்தான் முன்னாலயே இருக்கேனே, மக்ளே."

"எடுங்கக்கா," என்றேன். "பேசுறது கேக்குதான்னு பாக்கணும்."