நான்காவது சீட்டில் இருந்த கேள்வி

எங்கள் ஆஸ்பத்திரியில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய்க்கான பிரிவில் நான் தாதியாக வேலைக்கு வந்து ஒன்பது வருடம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சிலர் நான்கு கிழமைக்கு ஒருமுறை, காலையில் வந்து சாய்கதிரையில் படுத்து இரத்தம் ஏற்றிக்கொண்டு பின்னேரம் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள்தான் அங்கே வருகிறவர்கள். ஏற்றும் இரத்தத்தோடு உடம்பில் சேரும் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படியாமல் இருக்க நாள்தோறும் மருந்து குடிக்க வேண்டும். ஊசி குத்துவதைவிட அந்த மருந்தைத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

போன வருடம் ஒரு காலை, உரும்பிராயிலிருந்து வரும் ஒரு தாய் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய காணொளி. வெளிநாட்டில் ஓர் இளைஞன் இரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு மலையேறிக்கொண்டிருந்தான். மரபணுவை வெட்டித் திருத்தும் வைத்தியமாம்.

"இது மெய்யோ மிஸ்? எங்கடை பிள்ளைக்கும் செய்விக்கலாமோ?"

அவருடைய மகளை ஏழு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அப்போது பதினைந்து. தன் கையில் எந்த நரம்பில் ஊசி நல்லாய் இறங்கும் என்று எனக்கே சொல்லித் தருகிறவள். அன்று அவள் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். நான் டொக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த மாதம் முழுக்க இதே காணொளியை வேறு வேறு பெற்றோர் கொண்டுவந்து காட்டினார்கள். எங்கள் குருதிநோய் டொக்டர் இளவயதுப் பெண், நேராகக் கதைக்கிறவர். நடையோரத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட எல்லாரையும் ஒரு நாள் கூப்பிட்டு படங்களோடு விளக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மிஸ், நான் கதைச்சு முடிச்சு 'கேள்வி இருக்கோ' எண்டு கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். வெளியில போய்த்தான் தங்களுக்குள்ள கதைப்பினம். நீங்கள் நாலு கேள்வி எழுதுங்கோ. சீட்டில எழுதி நாலு பேரிட்டைக் குடுத்தால் அவை வாசிப்பினம். மற்றவைக்கும் துணிவு வரும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. அவர் தந்த தாள்களை வீட்டில் இரண்டு நாள் வைத்துப் படித்தேன். நோயாளியின் இரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறக்குமுன் குழந்தையின் உடம்பில் ஓடும் ஒருவகை ஹீமோகுளோபின், பிறந்தபின் மெல்ல நின்றுபோகும். அதை நிறுத்திவைக்கும் மரபணுவின் சுவிட்ச் போன்ற ஓர் இடத்தை ஆய்வுகூடத்தில் வெட்டிவிடுகிறார்கள். பிறகு அந்த உயிரணுக்களைத் திரும்ப உடம்பில் ஏற்றினால் பழைய ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கும். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்றுவதற்கு முன் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். அதற்குப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கடுமையான மருந்து. முடி கொட்டும், வாய் புண்ணாகும், வாரக்கணக்கில் தனி அறையில் கிடக்க வேண்டும். பிள்ளை பெறும் தன்மை அற்றுப்போகவும் கூடும்.

அந்த வரியில் நான் கனநேரம் நின்றேன்.

எனக்கும் என் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. கொழும்புக்கும் கோயில்களுக்குமாக எட்டு வருடம் அலைந்து ஓய்ந்தோம். அதை நான் வேலை செய்யுமிடத்தில் கதைப்பதில்லை. ஆகவே அந்த வரியை வைத்து ஒரு கேள்வி எழுதும்போது அது பெற்றோருக்காகவா எனக்காகவா என்று இன்றைக்கும் என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது.

நான்கு சீட்டு எழுதினேன். முதலாவது: பிள்ளைக்காகத் தாய் தகப்பன் கையெழுத்து வைக்கலாம், பிள்ளை தனக்கு வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது: இந்த வைத்தியம் எங்கள் நாட்டுக்கு வந்தால் முதலில் யாருக்குக் கிடைக்கும்? மூன்றாவது: வெட்டக்கூடாத இடத்தில் தவறி வெட்டுப்பட்டால், இருபது வருடத்துக்குப் பிறகு தெரிய வந்தால், யார் பொறுப்பு? நான்காவது: அந்தக் கடுமையான மருந்தால் என் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகுமா?

டொக்டர் நான்காவதை எடுத்து ஒதுக்கி வைத்தார். "இதை முதல் நாளே கதைச்சால் பயந்திடுவினம், மிஸ். வேண்டுமெண்டால் பிறகு தனியச் சொல்லுவம்."

"பயப்படுறதெண்டால் இங்க இருந்து பயப்படட்டும் டொக்டர். வீட்டை வித்துக்கொண்டு வெளிநாடு போய் நிண்டு பயப்படுறதிலும் பார்க்க."

அவர் சீட்டைத் திருப்பித் தந்தார்.

அதை நான் உரும்பிராய்த் தாயிடம் கொடுத்தேன். துணிந்து கதைக்கிறவர் அவர்தான். கூட்டம் பள்ளிக்கூட நாளில் என்பதால் மகள் வரமாட்டாள் என்றும் நினைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. அந்தக் கிழமை இரத்த வங்கியில் அவளுக்குப் பொருந்தும் வகை இரத்தம் பிந்தி வந்ததால் ஏற்றும் நாள் தள்ளிப்போய், கூட்டத்து நாளிலேயே விழுந்தது. பின்னேரம் கையில் பஞ்சை ஒட்டியபடி அவள் தாய்க்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் மண்டபத்தின் பின்னால் நின்றேன். போய்ச் சீட்டைத் திரும்ப வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் டொக்டர் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

நல்லாய்த்தான் விளக்கினார். கடுமையான மருந்தைப் பற்றி 'சில பாதிப்புகள் உண்டு' என்று ஒரு வரி சொன்னார். கேள்வி நேரத்தில் பள்ளிக்கூட ஆசிரியரான ஒரு தகப்பன் முதல் சீட்டை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பிள்ளைக்கு விளங்கும் வயது வந்தால் பிள்ளையின் இணக்கத்தையும் கேட்காமல் தொடங்கக்கூடாது என்று டொக்டர் பதில் சொன்னார்.

இரண்டாவது சீட்டு குருநகரிலிருந்து வந்த தகப்பன் ஒருவரிடம் இருந்தது. கடலுக்குப் போகிறவர், நான்கு வயது மகன் மடியில் நித்திரை. அவர் சீட்டைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"இதிலை ஆருக்கு முதலில கிடைக்கும் எண்டு இருக்குது. என்ரை கேள்வி வேறை டொக்டர். புதுசு புதுசாய்ச் செய்து பாக்கிறதுக்கு வெளிநாட்டுக் கொம்பனிக்காரர் எங்கடை பிள்ளையளைக் கேப்பினம். சரிவந்தாப் பிறகு காசுள்ள நாடுகளுக்கு விப்பினம். அப்பிடி வந்தால் நான் ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லுறது?"

டொக்டர் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். பிறகு, "அப்பிடி ஒரு ஆராய்ச்சி இங்க வந்தால், அது முடிஞ்ச பிறகும் உங்கடை பிள்ளைக்கு வைத்தியமும் கவனிப்பும் கிடைக்குமோ எண்டதை எழுத்தில கேளுங்கோ. எழுதித் தராட்டி இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்காக இங்க இரத்தம் ஏத்துறதை ஒருத்தரும் நிப்பாட்டேலாது" என்றார். அந்தத் தகப்பன் தலையாட்டினார். திருப்திப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது சீட்டுக்கும் டொக்டர், வெட்டு தவறுகிறதா என்று தேடிப் பார்க்கிறார்கள், இதுவரை பெரிதாய் ஒன்றும் தெரியவரவில்லை, ஆனால் வைத்தியம் புதிது, அதனால் செய்துகொண்டவர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்க்கிறார்கள், அதற்கு அப்பால் என்ன என்று யாருக்கும் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

அடுத்து ஒருவரும் எழும்பவில்லை. உரும்பிராய்த் தாய் சீட்டை விரித்துக் கண்ணால் வாசித்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன்.

மகள் தாயின் விரல்களை ஒவ்வொன்றாய் விலக்கிச் சீட்டை எடுத்து வாசித்தாள். எழும்பி நின்றாள்.

"அந்தக் கடுமையான மருந்தால் என் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் போகுமா?" என்று எழுதியிருந்தபடியே வாசித்துவிட்டு, "இதிலை என் பிள்ளை எண்டு போட்டிருக்கு. அது நான்தான்" என்றாள். பின்னால் யாரோ மெல்லச் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். "போகுமோ டொக்டர்?"

"போகலாம். எல்லாருக்கும் போகும் எண்டில்லை. ஆனால் போகலாம் எண்டுதான் நினைச்சு முடிவெடுக்க வேணும். முதலே கருமுட்டையை எடுத்து உறையவைக்கிற வழி இருக்கு. எங்கடை ஆஸ்பத்திரியில அந்த வசதி இல்லை."

"வைத்தியம் செய்தால் எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இந்த வருத்தம் வராதோ?"

"இது உம்மடை இரத்தத்தை மட்டும்தான் மாத்தும். முட்டையில இருக்கிறது அப்பிடியே இருக்கும். நீர் கலியாணம் கட்டுறவரும் இந்த மரபணுவைக் காவினால் பிள்ளைக்கு வரலாம், அதாலை அவர் கட்டாயம் இரத்தம் சோதிச்சுப் பாக்க வேணும்."

"பிறக்க முதலே கருவிலை திருத்தினால்?"

"அது பரம்பரைக்கும் போகும். பிழையாத் திருத்தினால் அந்தப் பிழையும் போகும். பிறக்காத பிள்ளையிட்டைக் கேக்கவும் ஏலாது. அதாலைதான் அதைச் செய்யக்கூடாது எண்டு அநேகமான நாடுகள் தடுத்து வைச்சிருக்கினம்."

அவள் கதிரையில் இருக்கப் போனவள், திரும்பவும் நிமிர்ந்தாள். "என்னட்டை அம்மா இன்னும் கேக்கேல்லை" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டடியில் நின்றார்.

"நீங்கள் எழுதின கேள்வியோ மிஸ்?"

"ஓம் அம்மா."

"என்ரை கையிலை ஏன் தந்தனீங்கள்?"

"நீங்கள் துணிஞ்சு கேப்பியள் எண்டு. பிள்ளை வருவா எண்டு தெரியேல்லை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "நானும் அவரும் சோதிக்காமல் கட்டினதாலை வந்த வருத்தம் இது. அதை எப்பிடியும் மாத்திப்போட வேணும் எண்டுதான் ஓடித்திரிஞ்சனான். அவளைக் கேக்க வேணும் எண்டு நினைக்கவே இல்லை" என்றார். மகள் வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அம்மா, பஸ் போகப்போகுது" என்றாள். இருவரும் போனார்கள்.

மூன்று கிழமை எனக்குச் சரியாக நித்திரை இல்லை. அவர்கள் அடுத்தமுறை வந்தபோது தாயே கதையைத் தொடங்கினார். வீட்டில் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். பிறகு மகள் கொப்பியில் ஒரு பக்கம் கேள்வி எழுதிக் கொடுத்தாளாம். கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பச் சொன்னாளாம்: அந்த ஊரில் பதினைந்து வருடமும் யார் பார்ப்பார்கள், முட்டை எடுத்து வைக்கலாமா, பாதியில் வேண்டாம் என்றால் விடுவார்களா.

"தம்பி ஒண்டுக்கும் பதில் தெரியாது எண்டிட்டான்" என்றார் தாய். "காணொளிதான் அனுப்பினவன்."

நான் மகளைப் பார்த்தேன். "நீர் என்ன முடிவெடுத்தனீர்?"

"இப்ப ஒண்டும் எடுக்கேல்லை மிஸ். பதினெட்டு வந்தாப் பிறகு நானே கையெழுத்து வைப்பன். இல்லாட்டி வைக்க மாட்டன். அம்மா அதுக்கு ஓமெண்டிட்டா."

"நான் ஓமெண்டு சொல்லேல்லை. பாப்பம் எண்டு சொன்னனான்" என்றார் தாய்.

டொக்டர் அதற்குப் பிறகு பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியாக இருத்திக் கதைக்கிறார், பெற்றோர் வெளியே. சீட்டு எழுதித் தரச்சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. உரும்பிராய்ப் பிள்ளை இரும்பை அகற்றும் மருந்தை இப்போது தவறவிடாமல் குடிக்கிறாள். ஈரல் கெட்டால் அந்த வைத்தியத்துக்கு எடுக்க மாட்டார்களாம் என்று டொக்டரிடம் கேட்டு அறிந்துகொண்டாள். மருந்து குடி என்று எட்டு வருடமாக நான் சொல்லியும் அவள் கேட்காத விசயம் அது.