கண்டக்டர் தவறவிட்ட பஸ்

முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு அருவி பார்க்கச் சுற்றுலா போன சின்ன ஊரில் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டார். பலகையில் ஆறு மணி வண்டிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ‘ஞாயிறு நீங்கலாக’ அவர் கண்ணில் படவில்லை.

“அதோ கிளம்புதே, நாலரை வண்டி, அதான் இன்னைக்குக் கடைசி. இனி காலையில அஞ்சரைக்குத்தான்,” என்றார் டைம்கீப்பர்.

“ஹோல்டான்!” என்று கத்திக்கொண்டு இவர் ஓடினார். உள்ளிருந்து இரட்டை விசில்தான் பதில். மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

“எத்தனை பேரை இப்படி ஓடவிட்டீங்க! வாங்க, படத்துக்குப் போவோம்.”

வேலையில் இருந்த காலத்தில், ராத்திரி அவருடைய கடைசி டிரிப்புக்காக எந்தப் படத்திலும் இடைவேளையோடு எழுந்து பழகியவர்கள் அவர்கள். அன்று முழுசாகப் பார்த்தார்கள்.

“அட, கடைசியில வில்லன் தோத்துடுறானா?” என்றார் அவர்.

லாட்ஜ் வரும்வரை அவள் சிரிப்பு அடங்கவில்லை. ஊர் திரும்பியதும் இருவரும் அருவியைப் பற்றிப் பேசவேயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் எல்லோரிடமும் சொன்னார்கள்.