ராம் பம்பில் சிக்கிய கை

சங்கிலியம்மாளுக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் ஆற்றைக் கடக்கும்போது அப்பாவின் தோளிலிருந்து வழுக்கி விழுந்து, கரையோர வேரொன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியவள். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் நனைய அவள் எந்த ஆற்றிலும் இறங்கியதில்லை. வாழ்க்கைப்பட்டதோ கெங்குவார்பட்டிக்கு மேற்கே, மலைச்சரிவில் ஓடையை ஒட்டிய தோட்டத்துக்கு.

கணவன் அழகர் காய்கறி லாரி ஓட்டினான். பாதி நாள் மதுரை, பாதி நாள் திருச்சி. எலுமிச்சையும் வாழையும் நின்ற அந்த மூன்று ஏக்கரும் அவள் பொறுப்பு. மேலே மின்கம்பம் வரவில்லை. பள்ளத்து ஓடையிலிருந்து நூறடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றியது, கரண்டே இல்லாமல் ஓடுகிற தண்ணீரின் வேகத்திலேயே இயங்கும் ஒரு ராம் பம்பு. அல்லிநகரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஜேசுராஜ் பொருத்திக் கொடுத்தது.

ஓடையின் மேல்பக்கம் ஒரு சிறு தடுப்பணை. அதன் ஓரத்துச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து, வாயில் கம்பிவலை போட்ட நாலங்குல இரும்புக் குழாய் பதினாறடி பள்ளத்துக்கு இறங்கி ராமில் சேரும்; சேருமிடத்தில் தண்ணீரை நிறுத்த ஒரு கேட் வால்வு. வருகிற தண்ணீர் முதலில் கழிவு வால்வு வழியே வெளியே கொட்டும். வேகம் கூடியதும் அந்த ஓட்டமே வால்வின் தட்டை மேலே தூக்கி, டொக்கென்று அடைத்துவிடும். ஓடிவந்த தண்ணீர் திடீரென முட்டி நிற்கும்போது எழுகிற அழுத்தம் இன்னொரு வால்வைத் திறந்து, கொஞ்சம் தண்ணீரைக் காற்று உருளைக்குள் தள்ளும். அங்கே அமுங்கிய காற்று அதை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். அழுத்தம் தணிந்ததும் தட்டு தன் கனத்தில் விழும், வால்வு திறக்கும், மறுபடி ஓட்டம், மறுபடி டொக். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மேலே போகும். மிச்சம் ஓடைக்கே திரும்பும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஐப்பசியில் அந்தச் சத்தம் நின்றது. வெள்ளத்தில் உருண்டு வந்த கல்லொன்று கழிவு வால்வின் தட்டைத் தாங்கும் தண்டை வளைத்துவிட்டிருந்தது. சொல்லியனுப்பியதும் ஜேசுராஜ் யூரியாச் சாக்கில் சாமான்களைப் போட்டுக்கொண்டு மதியம் வந்து சேர்ந்தார். ராம் இருந்த சிமெண்டுக் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தண்டு வளைஞ்சுருக்கு தங்கச்சி. போதாக்கொறைக்கு ஒரு குச்சி வேற தட்டுல கடிச்சுக் கெடக்கு."

"கேட் வால்வ மூடிட்டுச் செய்ங்கண்ணே."

"அது மரை போயிருச்சு. சும்மா சுத்துது. குச்சிதான, இந்தா உருவிர்றேன்."

கொட்டுகிற தண்ணீருக்குள் விரலை விட்டுக் குச்சியை இழுத்தார். குச்சி வந்த அதே நொடியில் தட்டு மேலே எழும்பி அவருடைய இரண்டு விரல்களைக் கவ்விக்கொண்டது.

அவர் அலறினார். விரல் நடுவில் இருந்ததால் வால்வு முழுதாக மூடவில்லை. இடுக்கு வழியே பீய்ச்சிய தண்ணீர் தட்டைக் கீழே விழவிடாமல் தூக்கியே பிடித்தது. அவள் குழிக்குள் குதித்துத் தண்டின் மேல் ஏறி நின்று அமுக்கினாள். வளைந்த தண்டு ஒருபக்கமாக இறுகியதே தவிர இறங்கவில்லை.

"வேணாம், வேணாம்! எலும்பு நொறுங்குது!"

அப்போதுதான் கால் நனைந்ததை உணர்ந்து அவள் குனிந்து பார்த்தாள். தோட்டத்தில் தூறல்தான். ஆனால் மேற்கே மலை முழுக்கக் கறுத்திருந்தது. ஓடை செம்மண் நிறமாகிக் குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

ஜேசுராஜும் பார்த்துவிட்டார்.

"ஆள் யாரும் இருக்காகளா பக்கத்துல?"

"கர்ணன் தோட்டந்தான். ஓடிப் போயி வர்றதுக்குள்ள…"

"அப்ப நீதான் மேல போகணும். குழா வாய அடைச்சாத்தான் ஓட்டம் நிக்கும், தட்டு விடும். அந்தச் சாக்க நாலா மடிச்சு வலை மேல வச்சு அமுக்கு. மிச்சத்த அதுவே இழுத்துக்கும். கைய நடுவுல விட்றாத தாயி, ஒன்னையும் பிடிச்சுக்கும்."

"தண்ணிக்குள்ளயா? என்னால முடியாதுண்ணே."

"ஏசப்பா…" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்திருந்தது.

சாக்கைக் கொட்டிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு அவள் ஏறினாள். தடுப்பணை கண்ணுக்கே தெரியவில்லை. அதற்கு மேல் வெள்ளம் வழவழவென்று வளைந்து விழுந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு சுழிப்பு. அவ்வளவுதான் அடையாளம். அவள் கரையில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியதாக, பின்னாளில் அவளே அழகரிடம் சொன்னாள்.

கீழே ஜேசுராஜ் கத்திக்கொண்டுதான் இருந்தார். திடீரென்று அந்தக் குரல் நின்றுபோனது.

கத்தலைவிட அந்த அமைதி அவளை அதிகமாக உலுக்கியது. முந்தானையை உருவிக் கரையிலிருந்த புங்கமரத்தில் இறுக முடிந்தாள். சேலையின் மறுமுனை இடுப்பில். கண்ணைத் திறந்தபடியே தண்ணீரில் இறங்கினாள். மூடினால் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளம் நெஞ்சில் மோதியது. காலுக்கடியில் தொட்டியின் சுவர் தட்டுப்பட்டது. அதைக் காலால் தடவி, மூச்சைப் பிடித்து மூழ்கி, வலையைத் தேடினாள். சேறு கலந்த இருட்டு. மூக்கில் தண்ணீர் ஏறியது. ஏழெட்டு வயதுப் பிள்ளைபோல உள்ளுக்குள் அலறிக்கொண்டே சாக்கை நீட்டினாள். முதல் தடவை வெள்ளம் அதைப் பிடுங்கப் பார்த்தது. எழுந்து மூச்சுவிட்டு மறுபடி மூழ்கினாள். இந்தமுறை சாக்கின் நடுப்பகுதி சடக்கென்று வலையோடு ஒட்டியது. ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பாறையில் அறைந்ததுபோல அசையவில்லை.

சேலையைப் பற்றிக் கரையேறினாள். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. சேலையை அப்படியே விட்டுவிட்டுப் பாவாடை ரவிக்கையோடு கீழே ஓடினாள்.

ஜேசுராஜின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மேவாயை நிமிர்த்தி வைத்திருந்தார். குழாயில் ஓட்டம் அற்றுப்போயிருந்தது. ஆனாலும் வளைந்த தண்டு தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் மூழ்கி, தண்டைத் தடவிக் குதிகாலை ஊன்றி ஓங்கி மிதித்தாள். தட்டு ஒரே உதறலில் இறங்கியது. அவருடைய அக்குளைப் பிடித்து இழுத்து மேட்டில் கிடத்தியபோது, கையைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கர்ணன் தோட்டத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கியவள், அவர்கள் ஜீப்போடு வந்து சேர்ந்த பிறகும் கத்திக்கொண்டே இருந்தாள்.

பெரியகுளம் ஆஸ்பத்திரியில் ஜேசுராஜுக்கு ஒரு விரலை முழுதாகவும் இன்னொன்றில் பாதியையும் எடுத்தார்கள். சங்கிலியம்மாள் நெடுநாள் ஓடைப்பக்கமே போகவில்லை. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் மோதியது. வாழை காய்ந்தது. அழகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் பள்ளத்தில் இறங்கவில்லை.

தை பிறந்ததும் ஜேசுராஜ் கட்டுப் பிரித்த கையோடு தானாகவே வந்தார். புதுத் தண்டு, புது கேட் வால்வு எல்லாம் கொண்டுவந்திருந்தார். அவள் மேட்டிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"அந்தக் குழிக்குள்ள இனி யாரும் எறங்கக் கூடாதுண்ணே. ராம இங்கன மேல தூக்கி வைங்க."

"மேல வச்சா விழுற உசரம் கொறையும். தண்ணியும் பாதிதான் ஏறும்."

"ஏறட்டும்."

"வாழைக்குப் பத்தாதும்மா."

"வாழைய வெட்டிப்புடுவோம். எலுமிச்ச போதும்."

குழியிலிருந்து எட்டடி உயரத்தில் புது மேடை கட்டினார்கள். குழாய் வாயிலும் ஒரு கேட் வால்வு வைத்தார்கள். கழிவு வால்வைச் சுற்றிக் கைபோகாதபடி கம்பிக்கூடு ஒன்றை ஜேசுராஜ் தானே பற்றவைத்துக் கொடுத்தார். அந்த வருஷமே வாழையை வெட்டினார்கள்.